மாலை ஏழு மணியும் மூன்று ஊர்க் கடிகாரங்களும்

2025 பிப்ரவரி 17, திங்கள்

நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் எழுத வேண்டிய கடிதங்களை இந்த வாரமே அனுப்பிவிட வேண்டும். மெல்போர்னுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. கடிகாரம் மாறும் நாள் அமெரிக்காவில் மார்ச் 9, பிரிட்டனில் மார்ச் 30, மெல்போர்னில் ஏப்ரல் 6. மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். முதல் இரண்டு இடங்களிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். மெல்போர்னில் அப்போது கோடை முடிந்திருக்கும், அதனால் பின்னால் இழுப்பார்கள். எங்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எதுவும் மாறாது.

நாங்கள் செய்வது, வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது. பதிவு நடப்பது மார்கோசா ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில். எந்தப் பாடம், எவ்வளவு வேகம், எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்பதையெல்லாம் அந்தப் பள்ளி ஆசிரியர்களோடு பேசித்தான் முடிவு செய்கிறோம். புதன்கிழமைதோறும் மாலை 7 மணிக்கு நியூ ஜெர்சி, லண்டன் ஆசிரியர்களோடு வீடியோ மீட்டிங். அது மெல்போர்னில் நள்ளிரவு தாண்டிய நேரம் என்பதால் அவர்களோடு தனியாகச் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் பேசுகிறோம்.

இந்த 7 மணியை அசைக்க முடியாது. எங்களுக்குக் குரல் கொடுப்பவர்களில் ஒருவர் பீன்யாவில் தொழிற்சாலை வேலை பார்க்கிறார். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து, மெட்ரோ பிடித்து, சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்கி நடந்து வர ஆறே முக்கால் ஆகிவிடும். எட்டே காலுக்கு வீட்டுக்காரர் மாடிக் கதவைப் பூட்டிவிடுவார். இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் எல்லாமே. ஆகவே மீட்டிங் இந்திய நேரத்தில் நிற்கிறது, அவர்கள் ஊர்களில் நகர்கிறது. நகர்வதைச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது.

அவர்கள் நாட்டில்தானே மாறுகிறது, அவர்களுக்குத் தெரியாதா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கடிகாரம் மாறுவது தெரியும். தொலைக்காட்சியில் சொல்வார்கள். ஆனால் அந்தச் செய்தியில் எங்கள் மீட்டிங் வராது. செல்போன் ராத்திரியே தானாக மாறிக்கொள்கிறது. ஞாயிறு காலையில் எழுந்தால் வீட்டில் எல்லாம் அதே மணிக்கு நடக்கிறது, அலுவலகம் அதே மணிக்குத் திறக்கிறது, பள்ளிப் பேருந்து அதே மணிக்கு வருகிறது. அவர்களைச் சுற்றியிருக்கும் எல்லாமே சேர்ந்து நகர்வதால் எதுவும் நகர்ந்தது போலத் தோன்றுவதில்லை. கூடவே நகராமல் நிற்பது எங்கள் மீட்டிங் மட்டும்தான். அதனால் அவர்கள் கண்ணுக்கு அது ஒன்றுதான் இடம் மாறியிருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

இன்று கடிதங்கள் போய்விட்டன. மார்ச் 12தான் நியூ ஜெர்சிக்கு முதல் மாற்றம், அதற்குச் சரியாக மூன்று வாரம் இருக்கிறது. ஒரு வாரம் முன்பு சொன்னால் அது வெறும் தகவல். மூன்று வாரம் முன்பு சொன்னால்தான் மேலாளரிடம் கேட்கவோ, வேறொரு வேலையை நகர்த்தவோ, பிள்ளையைப் பள்ளியில் விட வேறு ஆள் பார்க்கவோ முடியும்.

நியூ ஜெர்சிக்கு எழுதியது இது:

“வணக்கம். நம் புதன்கிழமை மீட்டிங் பெங்களூர் நேரம் மாலை 7 மணிக்கே தொடரும். உங்கள் ஊரில் மார்ச் 9 அன்று கடிகாரம் மாறுவதால் உங்களுக்கு நேரம் மாறுகிறது. மார்ச் 5 மீட்டிங் வழக்கம்போல் உங்கள் காலை 8:30க்கு. மார்ச் 12 முதல் உங்கள் காலை 9:30க்கு. நவம்பர் மாதம் மறுபடி 8:30 ஆகும், அதற்கு முன் தனியாக எழுதுகிறோம். 9:30 உங்களுக்குச் சரிப்படாது என்றால் பிப்ரவரி 28க்குள் சொல்லுங்கள். இப்போதே உங்கள் காலண்டரில் மார்ச் 12ஆம் தேதியைத் திறந்து, அங்கே மீட்டிங் எத்தனை மணிக்குக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.”

லண்டனுக்கும் இதே அமைப்புத்தான். மார்ச் 26 வரை மதியம் 1:30, ஏப்ரல் 2 முதல் 2:30.

இதில் வேண்டுமென்றே எழுதாமல் விட்டவை சில. “ஒரு மணி நேரம் முன்னால் போகிறது” என்று எழுதவில்லை. முன்னால் போவது கடிகாரம், மீட்டிங்கோ அவர்கள் கடிகாரப்படி பின்னால் போகிறது. அதே வரியைப் படித்து ஒருவர் 7:30க்கும் இன்னொருவர் 9:30க்கும் வர இடமுண்டு. பழைய மணி, புதிய மணி, எந்தத் தேதி முதல் என்ற மூன்றையும் எழுதிவிட்டால் யாரும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. கடிகாரம் மாறும் ஞாயிற்றுக்கிழமையை விட, மாறிய பின் வரும் முதல் மீட்டிங் தேதியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆள் தவறுவது அந்தத் தேதியில்தான்.

ஈஎஸ்டி என்ற சுருக்கத்தையும் தொடவில்லை. நியூயார்க் பக்கத்து நேரத்துக்கு வருடம் முழுக்க அப்படியே எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஆனால் அது குளிர்கால நேரத்துக்கு உரியது. கோடையில் ஈடிடி. காலை 9:30 ஈஎஸ்டி என்று எழுதினால் கணக்குப்படி அது இங்கே இரவு 8 மணி. எட்டே காலுக்குக் கதவு பூட்டும் வீட்டில் அந்த ஒரு எழுத்து மொத்த மீட்டிங்கையும் விழுங்கிவிடும். “உங்கள் காலை”, “பெங்களூர் மாலை” என்று எழுதினால் குழப்பமில்லை.

நாட்டின் பெயரும் போடவில்லை. எங்கள் ஆசிரியர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறார். அரிசோனாவில் நவஹோ மக்களின் பகுதியைத் தவிர வேறெங்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அவருக்கு வருடம் முழுக்க காலை 6:30தான். “அமெரிக்க நண்பர்களுக்கு” என்று பொதுவாக ஒரு கடிதம் போட்டால், நல்ல மனிதர், சொன்னதை நம்பி 7:30க்கு வந்து காலியான திரையைப் பார்ப்பார். அவருக்குத் தனிக் கடிதம்: “உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை சார். மற்றவர்களுக்குப் போன கடிதம் உங்கள் கண்ணில் பட்டாலும் அது உங்களுக்கானதல்ல.” மாறாதவர்களுக்கும் மாறவில்லை என்று எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

பதில்கள் வருகின்றன. “மார்ச் 12ஐத் திறந்து பாருங்கள்” என்று கேட்டது வீண் போகவில்லை. நியூ ஜெர்சி ஒருங்கிணைப்பாளர் 9:30 காட்டுகிறது என்றார். அதே ஊரில் இன்னொரு ஆசிரியை 8:30 என்று எழுதியிருக்கிறார்.

காரணம் உடனே தெரிந்தது. நாங்கள் அனுப்பிய அழைப்பை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அலுவலகக் காலண்டரில் தானே “தமிழ் மீட்டிங், 8:30” என்று வாராவாரம் வருமாறு போட்டு வைத்திருக்கிறார். எங்கள் அழைப்புக்குள் இருப்பது இது:

```
DTSTART;TZID=Asia/Kolkata:20250108T190000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=WE
```

ஜனவரி 8 முதல் புதன்தோறும், கொல்கத்தா நேரப்படி 19 மணி என்று அர்த்தம். இந்தியா முழுமைக்கும் இந்தப் பெயர்தான். இதை வாங்கிக்கொள்ளும் எந்தக் காலண்டரும் ஒவ்வொரு புதனுக்கும் இந்திய 7 மணியிலிருந்து தன் ஊர் மணியைக் கணக்கிட்டுக்கொள்ளும். மார்ச் 5க்கு 8:30 என்றும் மார்ச் 12க்கு 9:30 என்றும் தானே காட்டும். அவர் கையால் போட்ட குறிப்பில் இருப்பதோ நியூயார்க் நேரம் 8:30. அது என்றைக்கும் 8:30தான். பிழை காலண்டரில் இல்லை. அதனிடம் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோமோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செல்போன் அலாரமும் சமையலறைச் சுவரில் ஒட்டிய தாளும் அப்படித்தான். அழைப்பு சரியாக இருந்தால் போதும், கடிதம் எதற்கு என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எத்தனை பேர் அழைப்பைப் பார்த்து வருகிறார்கள், எத்தனை பேர் பழக்கத்தில் வருகிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது.

அவர் பழைய குறிப்பை அழித்துவிட்டு எங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டார். மறுபடி திறந்து பார்க்கச் சொன்னேன். 9:30 காட்டியது.

இன்னொரு விஷயமும் எழுதி வைக்க வேண்டும். இந்த அழைப்பை நியூ ஜெர்சியிலிருந்து யாராவது உருவாக்கியிருந்தால் அதில் `America/New_York` என்று இருந்திருக்கும். அப்போது அவர்களுக்கு 8:30 நிலையாக நிற்கும், எங்களுக்கு 7 மணி 6 மணியாகும். பீன்யாக்காரர் அப்போதுதான் தொழிற்சாலை வாசலைத் தாண்டிக்கொண்டிருப்பார். யார் உருவாக்கினார் என்ற சின்ன விஷயம், யார் தன் நாளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பிப்ரவரி 26, புதன்

மகா சிவராத்திரி. காடு மல்லேஸ்வரர் கோயில் பக்கம் போக முடியாத கூட்டம். இன்று மீட்டிங் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். ஆனாலும் லண்டன் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்குத்தான் இந்த மாற்றம் உண்மையான சிரமம். ஒரு பள்ளியில் அலுவலக வேலை. மதிய இடைவேளை ஒன்றே கால் முதல் இரண்டே கால் வரை. இப்போது 1:30க்குக் கையில் சாண்ட்விச்சோடு மீட்டிங்கில் உட்கார்கிறார். 2:30 என்றால் வேலை நேரம்.

“ஏப்ரல் ரெண்டாந் திகதி என்னால வர ஏலாது பிள்ளை. அதுக்குப் பிறகு ஈஸ்டர் விடுமுறை, ரெண்டு கிழமை பிரச்சினை இல்லை. விடுமுறை முடிஞ்சு வந்த பிறகு புதன்கிழமையில மட்டும் இடைவேளையை மாத்தித் தாங்கோ எண்டு கேட்டிருக்கிறன். இப்பவே சொன்னபடியாத்தான் கேக்க முடிஞ்சது. பிந்திச் சொல்லியிருந்தா அடுத்த தவணைக்கான அட்டவணை போட்டு முடிச்சிருப்பினம்.”

கேட்டது கிடைத்தால், அவர் வர முடியாதது ஏப்ரல் 2 என்ற ஒரே ஒரு நாள்தான் என்று இப்போதே தெரிந்துவிட்டது. அன்று இலங்கை உச்சரிப்புப் பாடங்களைக் கேட்டுத் திருத்துவதாக இருந்தோம். அவர் இல்லாமல் அது நடக்காது. அதை மார்ச் 26க்கு இழுத்துவிட்டு, ஏப்ரல் 2க்கு நியூ ஜெர்சி பிள்ளைகளின் வினாத்தாளைத் தள்ளியிருக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக, நேரம் மாறுவது தனக்குப் புதிதில்லை என்றார். பிறந்து வளர்ந்தது வன்னி. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறும்.

“ஆர் எத்தினை மணிக்கு வாறம் எண்டாலும், பழைய நேரமோ புது நேரமோ எண்டு கேப்பம். கேக்காமப் போனா பஸ் போயிரும்.”

யார் மணி சொன்னாலும் எந்த மணி என்று திருப்பிக் கேட்கும் அந்தப் பழக்கம் எங்கள் மீட்டிங்கில் எல்லோருக்கும் வேண்டும்.

மார்ச் 5, புதன்

பழைய மணியில் கடைசி மீட்டிங். முடிகிற நேரத்தில் வாய்விட்டும் சொன்னேன், எழுதியும் காட்டினேன்: அடுத்த வாரம் நியூ ஜெர்சிக்கு 9:30, லண்டனுக்கு 1:30, ஃபீனிக்ஸுக்கு 6:30.

லண்டனுக்கு 1:30 என்றதும் சந்தேகம் வந்தது. “அமெரிக்காவுக்கு மாறினா எங்களுக்கும் மாற வேணுமே?” இந்த இடத்தில்தான் எப்போதும் தடுக்குகிறது. நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் வழக்கமாக ஐந்து மணி நேர இடைவெளி. மார்ச் 9 முதல் மார்ச் 30 வரை, அந்த மூன்று வாரமும், நான்கு மணி நேரம்தான்.

இந்த மூன்று வார இடைவெளி எப்போதும் இருந்ததல்ல. 2006 வரை அமெரிக்காவில் ஏப்ரல் முதல் ஞாயிறுதான் கடிகாரத்தை மாற்றினார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. அதனால் வசந்தத்தில் ஒரே ஒரு வாரம்தான் வேறுபாடு. இலையுதிர் காலத்தில் இரண்டு பக்கமும் அக்டோபர் கடைசி ஞாயிறு என்பதால் வேறுபாடே இல்லை. 2005இல் அமெரிக்கா கொண்டுவந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் 2007 முதல் தொடக்கத்தை மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கும், முடிவை நவம்பர் முதல் ஞாயிற்றுக்கும் நகர்த்தியது. ஐரோப்பா தன் தேதிகளை மாற்றிக்கொள்ளவில்லை. அப்படி உண்டான இடைவெளிதான் இது. அமெரிக்கத் தேதியிலேயே லண்டனும் மாறிவிடும் என்று எண்ணி ஒரே கடிதத்தை இரண்டு ஊருக்கும் போட்டால், லண்டன்காரர்களுக்கு மூன்று புதன்கிழமைகள் தவறான மணி போகும்.

மார்ச் 9, ஞாயிறு

நியூயார்க் நேரம் அதிகாலை 2 மணிக்கு மாற்றம். இங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. எட்டாவது கிராஸில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கடிகாரத்தை இப்படி முன்னால் தள்ளினார்கள். 1945இல் திரும்ப வைத்தார்கள். நம் தலைமுறைக்கு இதில் எந்த அனுபவமும் கிடையாது. நம் ஊரில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள் என்பதால் நாமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 12, புதன்

மாலை 6 மணிக்குச் சம்பிகே ரோட்டில் இருக்கும்போது போன் சிணுங்கியது. யாரோ மீட்டிங் வாசலில் காத்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. அவர் ஊரில் அப்போது காலை 8:30. பிப்ரவரி 19க்குப் பின் சேர்ந்தவர் என்றாலும் மூன்று நாள் முன்புதான் அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தோம். மணியும் சரியாகவே இருந்தது. பிறகு எப்படி?

ஓரமாக நின்று பேசினேன். நேற்று இரவு வாட்ஸ்ஆப் குழுவில் லண்டனிலிருந்து ஒருவர் அன்போடு நினைவூட்டியிருக்கிறார்: “நாளை எங்களுக்கு ஒன்றரை, உங்களுக்கு எட்டரை.” பழகிப்போன ஐந்து மணிக் கணக்கு. அதைக் கண்டதும் இவர் எங்கள் கடிதத்தை விட்டுவிட்டு அதை நம்பியிருக்கிறார். கடைசியாகக் கண்ணில் பட்டது அதுதானே.

நல்லவேளை, இது ஒரு மணி நேரம் சீக்கிரம் வந்த தவறு. காபி குடித்துவிட்டு 9:30க்கு வந்தார், எதுவும் கெடவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. பிழை எங்களிடமிருந்தோ காலண்டரிலிருந்தோ மட்டும் வருவதில்லை, பங்காளிகள் ஒருவருக்கொருவர் மணி சொல்லிக்கொள்வதிலிருந்தும் வருகிறது. இரவே குழுவில் எழுதினேன்: மார்ச் 30 வரை யாரும் இன்னொரு ஊருக்கு மணி கணக்கிட்டுச் சொல்ல வேண்டாம், மீட்டிங்குக்கு முந்தின நாள் எல்லா ஊர் மணியையும் நாங்களே போடுகிறோம். மீட்டிங்குக்கு முந்தின மாலை வரும் செய்திதான் கடைசியாகக் கண்ணில் படும். அது எங்களுடையதாக இருக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

லண்டனுக்கு நினைவூட்டல். அனுப்புவதற்கு முன் தேதியை மறுபடி சரிபார்த்தேன். பிரிட்டனில் இது வருடக்கணக்காக மாறாத ஒழுங்கு, சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் எல்லா நாடும் அப்படியல்ல. 2023 மார்ச் மாதம் லெபனான் அரசு, கடிகாரம் மாற வேண்டிய ஞாயிற்றுக்குச் சில நாட்களே இருக்கும்போது, ரம்ஜான் நோன்பு முடியும் வரை மாற்றத்தைத் தள்ளி வைப்பதாக அறிவித்தது. தேவாலய நிர்வாகங்களும் சில தொலைக்காட்சி நிலையங்களும் அதை ஏற்காமல் பழைய திட்டப்படியே மாற்றிக்கொண்டன. ஒரே நகரத்தில் இரண்டு மணி ஓடியது. அடுத்த சில நாட்களில் அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. செல்போன்களும் காலண்டர்களும் இந்த விதிகளை ஒரு பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அரசு முடிவெடுத்து, அது தரவுத்தளத்தில் ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு போனுக்கும் வந்து சேர நாளாகும். அந்த மாதிரி நாட்டில் பங்காளி இருந்தால் காலண்டரை நம்பக் கூடாது. அன்றைக்குக் காலையில் “இப்போது உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன?” என்று கேட்டுவிட வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. பக்கத்து வீட்டிலிருந்து வேப்பம்பூவும் வெல்லமும் வந்தது. இந்திய நேரம் காலை ஆறரைக்கு லண்டனில் மாறிவிட்டது. இனி நியூ ஜெர்சிக்கும் லண்டனுக்கும் பழையபடி ஐந்து மணி நேரம். குழுவில் அதையும் எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்

லண்டனிலிருந்து மற்ற இருவரும் 2:30க்குச் சரியாக வந்தார்கள். அக்கா வரவில்லை, வர முடியாது என்று தெரிந்ததுதான். அவர் கேட்க வேண்டியதெல்லாம் போன புதனே முடிந்துவிட்டதால் பதிவு நிற்கவில்லை. முன்னெச்சரிக்கையால் எல்லோரையும் கூட்டிவிட முடியாது. யார் வர மாட்டார்கள் என்பதை முன்பே அறிந்து வேலையை அடுக்கிக்கொள்ள முடியும். எங்களுக்கு அதுவே பெரிது.

ஏப்ரல் 5, சனி

மெல்போர்ன்காரர்களோடு கோடை நேரத்தில் கடைசி மீட்டிங். எங்களுக்குக் காலை 8, அவர்களுக்கு மதியம் 1:30. இந்திய நேரம் இன்று இரவு ஒன்பதரைக்கு அங்கே கடிகாரம் பின்னால் போகும். ஏப்ரல் 12 முதல் அவர்களுக்கு 12:30.

இந்தக் கடிதத்தை நியூ ஜெர்சிக் கடிதத்தை விடக் கடுமையாக எழுதியிருந்தேன். மார்ச்சில் தெரியாமல் வந்தவர் ஒரு மணி நேரம் சீக்கிரம் வந்து காத்திருந்தார், மீட்டிங் அவருக்குக் கிடைத்தது. இது எதிர்த்திசை. பழைய நினைப்பில் 1:30க்கு வருபவருக்கு எங்கள் மணி 9. மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்து போயிருப்போம். அவருக்கு மீட்டிங்கே இல்லை. ஆகவே கடிகாரம் பின்னால் போகும்போது கடிதம் மட்டும் போதாது. ஒவ்வொருவரிடமிருந்தும் “12:30, பார்த்துவிட்டேன்” என்று பதில் வரும் வரை விடவில்லை. கடைசிப் பதில் நேற்று இரவுதான் வந்தது.

பிரிஸ்பேனில் இருக்கும் ஆசிரியருக்கு, ஃபீனிக்ஸ்காரருக்கு எழுதியது போலவே, மாற்றமில்லை என்று எழுதினேன். குயின்ஸ்லாந்தில் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அவருக்கு எப்போதும் 12:30. இனி அக்டோபர் வரை மெல்போர்னும் பிரிஸ்பேனும் ஒரே மணி.

ஏப்ரல் 12, சனி

மெல்போர்னிலிருந்து எல்லோரும் 12:30க்கு வந்தார்கள். நினைவு பசுமையாக இருக்கும்போதே அடுத்த சுற்றைக் குறித்து வைக்கிறேன்.

மெல்போர்ன் அக்டோபர் 5 அன்று முன்னால் போகிறது. அக்டோபர் 11 முதல் அவர்களுக்கு மறுபடி 1:30. தெரியாதவர் சீக்கிரம் வந்து காத்திருப்பார், அவ்வளவுதான். செப்டம்பர் 20க்குள் கடிதம் போனால் போதும்.

லண்டனும் நியூ ஜெர்சியும் அப்படியல்ல. லண்டன் அக்டோபர் 26 அன்று பின்னால் வருகிறது, அக்டோபர் 29 மீட்டிங் அவர்களுக்கு 2:30 போய் 1:30. நியூ ஜெர்சி நவம்பர் 2, ஆகவே அக்டோபர் 29 அன்று அவர்களுக்கு இன்னும் 9:30தான், நவம்பர் 5 முதல் 8:30. நடுவில் அந்த ஒரு வாரம் மறுபடி நான்கு மணி நேர வித்தியாசம். இரண்டு ஊரிலும் மீட்டிங் முன்கூட்டி வருகிறது, பழைய நினைப்பில் வருபவர் முழுவதையும் தவறவிடுவார். தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தைய வாரங்களில் தமிழ்ப் பள்ளிகள் விழா ஏற்பாட்டில் இருக்கும், கடிதம் கண்ணில் படாது. அக்டோபர் 8 அன்றே அனுப்பிவிட்டு, தீபாவளி கழிந்த மறுநாள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, அக்டோபர் 29க்கும் நவம்பர் 5க்கும் அவர்கள் காலண்டர் என்ன மணி காட்டுகிறது என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். மார்ச்சுக்குப் பின் சேர்ந்தவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், முதல் அழைப்பு அவர்களுக்கு.